எஸ்.கே.யூ. குறியீட்டை மாற்றியமைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: 38 விரிப்பில் தொடங்கி 410-இல் நிற்கிறேன்

சென்னிமலை விரிப்பு வியாபாரி

வணக்கம். சென்னிமலையில் தறிக்காரர்களிடம் படுக்கை விரிப்புகளை வாங்கி இணையத்தில் விற்று வருகிறேன். தொடங்கியபோது மொத்தமே 38 விரிப்புகள்தாம். எது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது மனப்பாடமாகத் தெரிந்ததால், ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காண வைக்கும் எஸ்.கே.யூ. குறியீட்டைப் பற்றி அதிகம் யோசிக்காமல், நெய்து தருபவரின் பெயரெழுத்து, டிசைன் எண், நிறம் என்ற வரிசையில் `KM-12-RED` என்று எழுதிக்கொண்டேன். இன்று அளவும் நிறமும் பிரித்து எண்ணினால் 410 வரிசைகள் இருக்கின்றன.

சென்ற ஆடியில் அந்த KM தறிக்காரர் தொழிலை நிறுத்திவிட்டு, டிசைனைத் தம் பங்காளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதே நூல், அதே கரை, அதே விலை. நானோ பழக்கதோஷத்தில் புதிய வரவை `PS-12-RED` என்று பதிந்துவிட்டேன். தளத்தில் விற்பனைக்கு இருந்தது PS குறியீடு. அதில் இருப்பு தீர்ந்ததும் ‘கையிருப்பில் இல்லை’ என்று காட்டியது. ஆனால் KM என்ற ஸ்டிக்கருடன் அதே விரிப்பு 14 எண்ணம் அலமாரியில் ஒன்பது நாள் சும்மா கிடந்தது. இருப்பு எடுத்தபோதுதான் தெரிந்தது. மொத்தத்தையும் மாற்றிவிடத் தீர்மானித்திருக்கிறேன். மாற்றியவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கூறினால் உதவியாக இருக்கும்.

பவானி ஜமக்காளம்

இதற்கென்று தனியாக ஒரு குறியீடு எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை. ஜி.எஸ்.டி. பில்லில் எச்.எஸ்.என். குறியீடு ஏற்கெனவே போடுகிறோமே. விரிப்புக்கு 6302, ஜமக்காளத்துக்கு 5702 என்று ஆடிட்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பின்னால் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டால் போயிற்று. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், இதுவரை குழப்பம் வந்ததில்லை.

திருப்பூர் பனியன்

பவானி அண்ணா, எச்.எஸ்.என். என்பது வரி விதிப்பதற்காகச் சரக்கை இனம் பிரிக்கும் எண். தம்பியின் 410 வரிசைக்கும் அது ஒன்றாகவே இருக்கும் என்பதால், அலமாரியில் ஒரு விரிப்பை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவாது. உங்களிடம் இருபது ஜமக்காளம்தான் என்பதால் பின்னால் வரும் 1, 2, 3 தான் உண்மையில் வேலை செய்கிறது.

தம்பி, நீங்கள் செய்த தவற்றை நானும் செய்தேன். அதைவிடப் பெரிய ஒன்றையும் செய்தேன். டிசைன் எண், கழுத்து வகைக்கு A முதல் F வரை ஓர் எழுத்து, நிறத்துக்கு ஓர் எண் என்று சுருக்கமாக வைத்திருந்தேன். அந்த வகையில் 12-ஆம் டிசைன், E கழுத்து, 5-ஆம் நிறம் என்பது `12E5`. 120-ஆம் டிசைன், E கழுத்து, 4-ஆம் நிறம் என்பது `120E4`. தளத்திலிருந்து இறக்கிய சி.எஸ்.வி. கோப்பை விரிதாளில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, இருப்பைத் திருத்திச் சேமித்து, மறுபடியும் ஏற்றினேன். விரிதாளின் கண்ணுக்கு E என்பது பத்தின் அடுக்கு. ஆகவே இரண்டு குறியீடும் 12 லட்சம் என்ற ஒரே எண்ணாகி, கோப்பில் இரண்டுமே `1.20E+06` என்று உட்கார்ந்துவிட்டன. இரு வேறு பனியன்கள் ஒரே பொருளாகிவிட்டன. சேமித்த பிறகு எது எது என்று பிரிக்க வழியே இல்லை. பழைய கோப்பின் நகல் ஒன்று தங்கையின் மின்னஞ்சலில் இருந்ததால் பிழைத்தேன்.

இதே வகையில் `0147` என்பதன் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். மெரூன் என்பதற்காக `MAR-10` என்று எழுதினால் அது மார்ச் 10 ஆகிவிடும். கட்டத்தில் உள்ள முழு எழுத்துக்கோவையும் எண்ணாகவோ தேதியாகவோ தோன்றினால்தான் இந்த விபத்து நேரும். குறியீடு `BS-` என்பது போன்ற இரண்டு எழுத்தில் தொடங்கி, நடுவில் கோடு வந்து, அதன் பின் எண் வருமானால், விரிதாள் அதைத் தொடுவதில்லை. அன்று முதல் எங்கள் கடையில் எண்ணில் தொடங்கும் குறியீடே கிடையாது.

அப்புறம், எதைக் குறியீட்டுக்குள் வைப்பது என்பதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. இந்த விவரம் பொருள் உயிரோடு இருக்கும் வரை மாறாமல் இருக்குமா? சரக்கைக் கட்டுபவர் கண்ணால் சரிபார்க்க வேண்டிய விவரமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே உள்ளே. தறிக்காரர், விலை, வாங்கிய ஆண்டு, அலமாரி எண் எல்லாம் விரிதாளில் தனித்தனிப் பத்திகளாக இருக்கட்டும். அவை மாறும்போது பத்தியைத் திருத்தினால் போதும், குறியீட்டைத் தொட வேண்டியதில்லை.

காந்திபுரம் கைப்பேசி உறை

இவ்வளவு யோசனை தேவையில்லை என்பது என் கருத்து. பொருளே இல்லாத தொடர் எண் போதும். நான் 100001-இலிருந்து தொடங்கினேன். பூஜ்யம் தொலையும் பிரச்சினையும் இல்லை. நிறம், அளவு எல்லாம் விரிதாளில் இருக்கிறது. அர்த்தம் இல்லாத குறியீட்டில் தவறான அர்த்தமும் இருக்க முடியாது அல்லவா?

திருப்பூர் பனியன்

நண்பர் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். ஸ்கேனர் வைத்து வேலை செய்யும் இடத்தில் தொடர் எண்ணைப் போலத் தூய்மையானது வேறில்லை. ஆனால் கண்ணால் படித்து எடுக்கும் இடத்தில் 100147-ஐ 100174 என்று படித்தால் அதுவும் உண்மையிலேயே உள்ள வேறொரு பொருளாக இருக்கும். தவறு நடந்ததே வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும். பச்சை விரிப்பைக் கையில் வைத்திருப்பவர் ஸ்டிக்கரிலும் பச்சை என்று படித்தால் அங்கேயே ஒரு சோதனை நடந்துவிடுகிறது. ஆகவே டிசைனுக்கு மட்டும் அர்த்தமற்ற தொடர் எண்ணை வைத்து, அளவையும் நிறத்தையும் எழுத்தில் வைப்பது எங்கள் வழக்கம்.

டிசைன் எண்ணுக்கு நான்கு இலக்கம் ஒதுக்குங்கள். இரண்டு இலக்கத்தில் தொடங்கியதால் 99-ஐத் தாண்டியதும் என்னுடைய பட்டியலில் 100-ஆம் டிசைன் 11-க்கு முன்னால் போய் நின்றது. பனியன் அளவிலும் இதே கதைதான்; 80, 85, 100 என்று எழுதினால் 100 முதலில் வரும் என்பதால் `080`, `085`, `100` என்று எழுதுகிறோம்.

சென்னிமலை விரிப்பு வியாபாரி

மிக்க நன்றி அண்ணா. நேற்று இரவு உட்கார்ந்து ஒன்றை எழுதிப் பார்த்தேன். பழைய 12-ஆம் டிசைன், இரட்டைக் கட்டில் அளவு, பச்சை நிறம் இப்படி வருகிறது:

```
BS-0012-DB-GRN
```

முதல் இரண்டு எழுத்து பொருள் வகை, அடுத்தது டிசைன் தொடர் எண், அதன் பின் அளவு, கடைசியில் நிறம். ஒற்றைக் கட்டிலுக்கு `SG`, 108-க்கு 108 அங்குலப் பெரிய விரிப்புக்கு `KG`. எழுத்து வரும் இடத்தில் எழுத்தும் எண் வரும் இடத்தில் எண்ணும் மட்டுமே வரும் என்பதால், O என்பதையும் பூஜ்யத்தையும் மாற்றிப் படிக்கும் தொல்லையும் குறையும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கட்டிக் கொடுக்கும் அக்காவிடம் பத்து ஸ்டிக்கர் எழுதிக் காட்டியபோது, `GRN`, `GRY` இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங் கண்ணு, ரெண்டும் ஒண்ணாட்டத்தானே இருக்குது, இதுல எது பச்சைங்?” என்று கேட்டார். மார்க்கர் மசி லேசாகப் பரவியிருந்தால் எனக்கே தெரியாதுதான்.

திருப்பூர் பனியன்

நிறத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்களிடம் `PAC`, `SAM`, `SIV`, `KAR`. பச்சை, சாம்பல், சிவப்பு, கருப்பு. அடர் நீலத்துக்கு `NEE`, வான நீலத்துக்கு `VAN`. கட்டுபவர்கள் வாய்விட்டுப் படித்தாலே நிறம் வந்துவிடும். வாடிக்கையாளருக்கு நிறத்தின் பெயரைப் பொருள் தலைப்பில் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், குறியீடு நமக்கானது. நிறப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் இல்லாத நிறத்துக்கு அவசரத்தில் யாரும் தாமாகக் குறியீடு போடக்கூடாது. எங்களிடம் `MER`, `MRN`, `MAR` என்று மெரூன் ஒன்றே மூன்றாகப் பிறந்தது அப்படித்தான்.

பொள்ளாச்சி கருப்பட்டி மிட்டாய்

என் சிக்கல் வேறு. நான் தின்பண்டம் விற்பதால் தயாரித்த மாதத்தையும் குறியீட்டில் சேர்த்தேன். மாதம் பிறந்தால் புதிய குறியீடு, புதிய இருப்பு வரிசை. ஓர் ஆண்டில் ஆறு பண்டம் எழுபத்திரண்டு ஆகிவிட்டது. எது அதிகம் விற்கிறது என்று கூட்டிப் பார்க்கவே ஒரு நாள் ஆனது. இப்போது மாதம் பேட்ச் எண்ணாகப் பொட்டலத்தின் மேல் மட்டும் இருக்கிறது. 250 கிராமும் 500 கிராமும் தனித்தனிக் குறியீடு, அது மாறவில்லை. ஆனால் பொங்கலுக்கு மூன்று பண்டத்தைச் சேர்த்து ஒரு பெட்டியாகக் கட்டுகிறேனே, அதற்குத் தனிக் குறியீடு போடுவதா வேண்டாமா?

திருப்பூர் பனியன்

போட வேண்டும் அம்மணி, ஆனால் அதற்கென்று தனி இருப்பு வைக்கக்கூடாது. பெட்டி ஒன்று விற்றால் உள்ளே இருக்கும் மூன்றின் இருப்பும் ஒவ்வொன்று குறைய வேண்டும்.

காந்திபுரம் கைப்பேசி உறை

முன்கூட்டியே கட்டி அடுக்கி வைத்திருந்தால்? அப்போது பெட்டிக்குத் தனி இருப்பு வேண்டாமா? இதில் அண்ணாவுடன் எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னிமலை விரிப்பு வியாபாரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான் விற்கும் தளத்தில் ஏற்கெனவே பதிந்த பொருளின் குறியீட்டை மாற்ற இயலாது. நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிந்தால் விற்பனை வரலாறு பிரிந்துவிடும். ஆகவே தளத்தில் பழைய குறியீடுகளை அப்படியே விட்டுவிட்டு, விரிதாளில் பழையது, புதியது என்று இரண்டு பத்திகளை எதிரெதிரே வைத்தேன். `KM-12-RED`, `PS-12-RED` இரண்டுக்கும் எதிரே இருப்பது ஒரே `BS-0012-DB-SIV`. இருப்பைப் புதிய குறியீட்டில் மட்டும் எண்ணுகிறேன். தளத்தில் புதிதாக ஏற்றும் விரிப்புகளுக்குப் புதிய குறியீடு மட்டுமே. புகைப்படக் கோப்புக்கும் அதே பெயர் என்பதால் சாய்கோட்டைத் தவிர்த்துக் கிடைக்கோடே வைத்தேன். நின்றுபோன டிசைன்களின் எண்ணை வேறு எதற்கும் கொடுப்பதில்லை என்றும் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஸ்டிக்கரை ஒரே நாளில் மாற்ற முயன்றது தவறு. இரண்டு அலமாரியில் பழையதும் புதியதும் கலந்து, `SG` விரிப்பு ஒன்று `DB` ஸ்டிக்கருடன் கரூருக்குப் போய்த் திரும்பி வந்தது. இப்போது ஓர் அலமாரி தீரும்போது அந்த அலமாரியை மட்டும் மாற்றுகிறோம். 410-இல் 260 முடிந்திருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. ஒரே டிசைன், ஒரே பச்சை, ஆனால் சாயப்பட்டறை மாறியதால் இந்த முறை ஒரு சாயல் வெளிறி வந்திருக்கிறது. பழைய `PAC`-இலேயே சேர்ப்பதா, வேறு நிறமாகக் கொள்வதா? அக்கா பழையதோடு சேர்க்க மறுத்து, தனி மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்.