லேசி லோடிங்: தமிழில் என்ன போடலாம்? (நாளை மாலைக்குள் வேண்டும்)

மங்கை:
அனைவருக்கும் வணக்கம். வலைத்தளம் அமைக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமைப்புப் பக்கத்தில் இரண்டு தேர்வுப்பெட்டிகள்: படங்களுக்கு லேசி லோடிங், எழுத்துருக்களுக்கு லேசி லோடிங். லேசி லோடிங் என்றால் பக்கம் திறந்தவுடன் எல்லாவற்றையும் எடுக்காமல், வேண்டிய நேரம் வரும்வரை தள்ளிவைப்பது. எனக்கு முன் செய்தவர் 'சோம்பேறி ஏற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறார். நாளை ஒப்படைக்க வேண்டும், காப்பாற்றுங்கள்.

அரங்கநாதன்:
சோம்பேறி வேண்டாம் அம்மா, 'மடி' இருக்கிறதே. மடியின்மைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார். இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் குறள் 605: 'நெடுநீர் மறவி மடிதுயில்'. காலம் நீட்டிச் செய்வதே நெடுநீர். ஆகவே நெடுநீரேற்றம்.

சுகுமார்:
ஐயா, அதைப் படிப்பவர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதாக நினைப்பார். 'தாமத ஏற்றம்' போதும், எல்லாருக்கும் புரியும். எல்லாப் படத்துக்கும் loading="lazy" போட்டால் பக்கம் பறக்கும். எழுத்துருவுக்கும் அதேதான்.

அரங்கநாதன்:
தாமதம் வடசொல். தாமச குணத்தின் வழி வந்தது.

கதிர்:
வடசொல் என்பதைவிட, பொருள் தவறு என்பதே என் கவலை. இது பக்கத்தைத் தாமதமாக்க அல்ல, முதலில் வேண்டியதைச் சீக்கிரம் காட்டத்தான். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். உச்சியில் 150 கேபி படம், கீழே தலா 100 கேபியில் 20 படங்கள், இணைப்பு நொடிக்கு 200 கேபி. மொத்தம் 2,150 கேபி, ஏறக்குறைய 11 நொடி. எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் மேல்படமும் அந்த நெரிசலில்தான் வரவேண்டும். கீழ்ப்படங்களை நிறுத்திவைத்தால் அது ஒரு நொடிக்குள் வந்துவிடலாம். நடைமுறையில் லாபம் கொஞ்சம் குறையும். இணைப்பு மெதுவாக இருந்தால், திரைக்கு 2500 பிக்சல் கீழே உள்ள படங்களைக்கூட குரோம் முன்கூட்டியே எடுக்கத் தொடங்கிவிடும்.

சுகுமார், மேல்படத்துக்கும் lazy போட்டால் பக்கம் மெதுவாகும். சாதாரணப் படத்தை, பக்கத்தின் நிரல் வந்துகொண்டிருக்கும்போதே உலாவி கண்டுபிடித்துக் கேட்டுவிடும். lazy என்றால், பாணிக்கோப்பு வந்து, எது திரைக்குள் விழும் என்று தெரிந்த பிறகுதான் கேட்கும். ஆகவே இப்படி:

```html
<img src="mel.jpg" width="720" height="480" fetchpriority="high" alt="">
<img src="keezh.jpg" width="720" height="480" loading="lazy" alt="">
```

அகல உயரத்தை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் வராத படங்களுக்கு உயரமே இல்லை. பல படங்கள் நெருக்கியடித்துத் திரைக்குள் வந்துவிடும், உலாவி அத்தனையையும் கேட்டுவிடும்.

மாலதி:
என் வகுப்புக் குறிப்புகளில் படமே கிடையாது. ஆனாலும் மாணவர்கள் கைபேசியில் திறந்தால் முதலில் வெறும் வெள்ளை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுத்து. இந்தச் சோம்பேறி ஏற்றம்தான் காரணமா? எப்படி அணைப்பது?

கதிர்:
இல்லை அம்மா, அது எழுத்துருவின் வேலையாக இருக்கும். எழுத்துருவுக்கு loading பண்பு கிடையாது. அந்த எழுத்துருவைக் கேட்கும் எழுத்து பக்கத்தில் இருந்தால்தான் உலாவி கோப்பையே எடுக்கும், அது இயல்பிலேயே அப்படித்தான். பாணிக்கோப்பின் unicode-range-இல், தமிழ் எழுத்துகளின் எண்வரிசையான U+0B80-0BFF என்று பிரித்து வைத்தால், தமிழே இல்லாத பக்கத்தில் தமிழ்க்கோப்பு இறங்காது. உங்கள் சிக்கல் வேறு. கோப்பு வரும்வரை உலாவி 3 நொடி வரை எழுத்தை மறைத்து வைக்கும். font-display: swap போட்டால் கைபேசியில் உள்ள எழுத்தில் உடனே காட்டிவிட்டு, கோப்பு வந்ததும் மாற்றும். தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, அதனால் மாறும்போது வரிகள் குதிக்கும். அது பிடிக்கவில்லையென்றால் optional. கோப்பு உடனே வராவிட்டால் அந்த முறைக்குக் கைபேசியின் எழுத்தோடு விட்டுவிடும்.

மங்கை, அந்த இரண்டாவது பெட்டி உண்மையில் என்ன செய்கிறது?

மங்கை:
நிரலைத் திறந்து பார்த்தேன். font-display: swap சேர்க்கிறது, அவ்வளவுதான்!

கதிர்:
அப்படியானால் அங்கே எதுவும் தள்ளிப்போகவில்லை. ஆங்கிலச் சரமே தவறு. 'எழுத்துரு வரும்வரை கைபேசி எழுத்தில் காட்டு' என்று எழுதுங்கள். படங்களுக்கு 'தேவைப்படும்போது ஏற்று'.

அரங்கநாதன்:
இவை வாக்கியங்கள் கதிர், கலைச்சொல் அல்ல. 'வேண்டுழி ஏற்றம்' என்றால் அதே பொருள் இரண்டு சொல்லில் அடங்கும். உழி என்பது இடத்தையும் பொழுதையும் ஒருசேரக் குறிக்கும்.

மாலதி:
என் மாணவர்கள் அதை வேண்டுகோள் என்று படிப்பார்கள் ஐயா. நான் கதிர் பக்கம்.

சுகுமார்:
மேல்படத்தில் lazy-ஐ எடுத்துவிட்டேன், சீக்கிரம் வருகிறது. ஆனால் 'தேவைப்படும்போது' என்றால் பயனர் தொட வேண்டுமோ என்று தோன்றும். பட்டனைத் தேடுவார்கள். என் வாக்கு இன்னும் தாமத ஏற்றத்துக்கே.

மங்கை:
பட்டன் விஷயம் உண்மைதான். 'திரையை நெருங்கும்போது படங்களை ஏற்று' என்று போட்டு அனுப்புகிறேன். பெட்டியில் அடங்காமல் வெட்டுப்பட்டால் 'தேவைப்படும்போது' என்பதற்கே திரும்புவேன்.

அரங்கநாதன்:
அனுப்புங்கள். என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். 'ஏற்று' என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு, படம் இறங்கத்தானே செய்கிறது? அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.