ஆறு வருஷம் ஓடிய மெஷினுக்கு ஆயுள் குறைந்தால், பழைய தேய்மானத்தைத் தொடலாமா?

பர்கூர்_கூழ்:
மாம்பழக்கூழ் ஆலை, பிரைவேட் லிமிடெட். கூழைச் சூடாக்கும் மெஷின் 1.4.2019-ல் 60 லட்சத்துக்கு வாங்கியது. ஆயுள் 15 வருஷம், கடைசியில் ஸ்கிராப் 3 லட்சம் என்று வைத்து, நேர்கோட்டு முறையில் வருஷம் 3.80 லட்சம் தேய்மானம் போகிறது. போர் தண்ணீரில் குளோரைடு அதிகம். 304 ஸ்டீல் குழாய்களில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுகிறது. 2029 மார்ச்சுக்கு மேல் தாங்காது, ஸ்கிராப்பும் 1.20 லட்சம்தான் தேறும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். முடிந்த ஆறு வருஷக் கணக்கையும் மாற்றணுமா?

ஓசூர்_லெட்ஜர்:
மாத்தித்தான் ஆகணும் தம்பி. மொத்தம் 10 வருஷம்தான்னா வருஷத்துக்கு 5.88 லட்சம் போட்டிருக்கணும். ஆறு வருஷத்துக்கு 35.28 ஆகுது, நீங்க போட்டது 22.80. விட்டுப்போன 12.48 லட்சத்தை இந்த வருஷ லாபத்துல கழிச்சுடுங்க. தேய்மானத்துக்கான பழைய கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 6 இருந்த காலத்துல அப்படித்தான் செஞ்சோம்.

காவேரிப்பட்டணம்_கணக்கர்:
சார், ஏ.எஸ். 6-ல் அப்படித் திருப்பிப் போட்டது தேய்மான முறையை மாற்றும்போது மட்டும்தான். ஆயுளை மாற்றினால் அப்போதும் மீதி வருஷங்களில்தான் பரப்பச் சொன்னார்கள். 2016-ல் திருத்திய ஏ.எஸ். 10 வந்த பிறகு முறை மாற்றமும் மதிப்பீட்டு மாற்றம்தான். அதற்கும் பின்னோக்கிப் போவதில்லை.

2019-ல் 15 வருஷம் என்று வைத்தது அன்று கையில் இருந்த தகவலுக்குச் சரி. குழாய் அரிப்பு பிறகு வந்த தகவல். அதனால் 22.80 அப்படியே நிற்கும். 31.3.2025-ல் புத்தக மதிப்பு 37.20. புது ஸ்கிராப் 1.20-ஐக் கழித்தால் 36 லட்சம், மீதி நான்கு வருஷம், ஆக வருஷத்துக்கு 9 லட்சம்.

```
=SLN(3720000,120000,4)
```

இங்கே பலர் 4-க்குப் பதில் 10 என்று அடித்துவிடுகிறார்கள். அப்போது 3.60 லட்சம் வரும். ஆயுளைக் குறைத்த பிறகு தேய்மானமும் குறைந்தால் வகுத்த எண் தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். 60 லட்சத்தையே நான்கால் வகுப்பது இன்னொரு தப்பு. ஏற்கெனவே எழுதிய 22.80 இரண்டாம் முறை செலவாகிவிடும்.

ஓசூர்_லெட்ஜர்:
முறையும் ஆயுளும் வேற வேறன்னு ஒத்துக்கறேன். ஆனா 3.80-லிருந்து திடீர்னு 9 லட்சம்னா பேங்க்காரன் கேள்வி கேட்பானே?

காவேரிப்பட்டணம்_கணக்கர்:
கேட்கட்டும், பதில் ஆண்டுக் கணக்கோடு சேரும் குறிப்பில் இருக்கும். என்ன மாறியது, ஏன் மாறியது, இந்த வருஷ லாபத்தில் எவ்வளவு என்று எழுதியே ஆகணும். முழு வருஷத்துக்கும் புதுக் கணக்கு என்றால் அது 5.20 லட்சம். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்லும் 15 வருஷத்திலிருந்து விலகுவதால் இன்ஜினியர் கடிதத்தின் ஆதாரத்தையும் அதில் சொல்லணும்.

ஆரம்பத்தில் 15 என்பதற்குப் பதில் கைத்தவறாக 25 என்று ஏற்றியிருந்தால் கதை வேறு. அது பிழை, முந்தைய காலக் கணக்காகத் தனியே காட்டணும்.

போச்சம்பள்ளி_மாந்தோப்பு:
சீசன்ல மூணு மாசம்தானே மெஷின் ஓடுது? மிச்ச ஒன்பது மாசத்துக்கு எதுக்குத் தேய்மானம்? ஆயுளை நீட்டித்தானே போடணும்?

காவேரிப்பட்டணம்_கணக்கர்:
நேர்கோட்டு முறையில் சும்மா நிற்கும் மாதத்துக்கும் தேய்மானம் உண்டு. ஓடிய அளவுக்குத்தான் வேண்டும் என்றால் டன் கணக்கில் போடும் முறைக்கு மாறணும். இந்த மெஷினில் அதுவும் உதவாது. குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் சீசன் இல்லாத மாதத்திலும் அரிக்கும்.

தர்மபுரி_பட்டு:
எங்க நூற்பு யூனிட் பார்ட்னர்ஷிப். வருமான வரிக்கு 15 சதவீதம்தான் போடறோம். அதையும் ஏத்திக்கலாமா?

காவேரிப்பட்டணம்_கணக்கர்:
முடியாதுங்க. வரியில் மெஷினுக்குத் தனி ஆயுள் கிடையாது, ஒரே வகைச் சொத்துகளைச் சேர்த்த மொத்த பிளாக்குக்கும் ஒரே விகிதம். பர்கூர்காரர் வரிக் கணக்கிலும் ஒன்றும் மாறாது. புத்தகத்துக்கும் வரிக்கும் உள்ள இடைவெளி மாறுவதால் ஒத்திவைத்த வரியை மட்டும் திருத்தணும்.

பர்கூர்_கூழ்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கடிதத் தேதி 1.10.2025. அப்பவும் முழு 9 லட்சமா?

காவேரிப்பட்டணம்_கணக்கர்:
என் பார்வையில் இல்லை. செப்டம்பர் வரை பழைய கணக்கில் 1.90 லட்சம். அன்று புத்தக மதிப்பு 35.30, ஸ்கிராப் போக 34.10-ஐ மூன்றரை வருஷத்துக்குப் பரப்பினால் வருஷத்துக்கு 9.74. அடுத்த ஆறு மாதத்துக்கு 4.87. ஆக இந்த வருஷம் 6.77 லட்சம், குறிப்பில் காட்டும் விளைவு 2.97.

ஓசூர்_லெட்ஜர்:
எங்க ஆடிட்டர் வருஷ ஆரம்பத்திலிருந்தே புது ஆயுளைப் போடச் சொல்றார். மறுபரிசீலனையே வருஷத்துக்கு ஒரு தடவைதானே, நடுவுல எதுக்கு வெட்டணும்னு கேக்கறார்.

காவேரிப்பட்டணம்_கணக்கர்:
அப்படிச் செய்பவர்களும் நிறைய. ஆனால் ஜூலை சீசன் முடியும்வரை யாருக்கும் தெரியாத அரிப்புக்கு ஏப்ரலிலிருந்து செலவு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். எதைத் தேர்ந்தாலும் எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.

பர்கூர்_கூழ்:
ஆடிட்டரிடம் 6.77, 9.00 இரண்டு கணக்கையும் கொண்டுபோகிறேன்.