எஸ்.எம்.எஸ்.ஸில் அரைப்புள்ளியா, கோடா, முற்றுப்புள்ளியா? பார்த்ததைச் சொல்லுங்கள்

அடுக்ககம்12
குடியிருப்புச் சங்கத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் போன எஸ்.எம்.எஸ். இது:

```
நாளை தண்ணீர் வராது — மோட்டார் பழுது; மாலை 6—8 லாரி வரும்; குடம் வைக்கவும்
```

ஒரு செய்தி என்று நினைத்தோம், வீட்டுக்கு இரண்டு செய்தி என்று கணக்கில் ஏறியிருக்கிறது. ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று என இரண்டு லாரி வரும் என்றும் சிலர் எடுத்துக்கொண்டார்கள். கோட்டை எடுத்துவிட்டு அரைப்புள்ளி மட்டும் வைத்தால் சரியாகிவிடுமா? இதுபோல நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

தறியோசை
முதலில் காசுக் கணக்கு. தமிழ் எழுத்து ஒன்று வந்தாலே எஸ்.எம்.எஸ். யுனிகோடுக்கு மாறிவிடும். அப்போது ஒரு செய்திக்கு 70 இடம்தான். அதைத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67 இடம். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணினால் ஏமாந்துவிடுவோம். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி இடம் பிடிக்கும். "தண்ணீர்" பார்க்க நான்கு எழுத்து, ஆனால் ஏழு இடம். உங்கள் செய்தியை இப்படி எண்ணினால் 73 வருகிறது. மூன்றே இடம் கூடுதல், அதற்குத்தான் இரண்டாவது செய்திக்கான காசு.

இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு வைத்த கோடு மூன்று இடம் தின்னும். முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் வரும் இடைவெளியோடு சேர்த்து இரண்டுதான்.

ஆங்கிலத்தில் அனுப்புபவர்களுக்கு இந்த நீளக் கோடு இன்னும் பெரிய அடி. ஆங்கிலச் செய்திக்கு 160 இடம் உண்டு. அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, சின்னக் கோடு மூன்றும் எஸ்.எம்.எஸ்.ஸின் பழைய எழுத்துப் பட்டியலில் இருக்கின்றன, நீளக் கோடு இல்லை. அது ஒன்று நுழைந்தால் போதும், முழுச் செய்தியும் யுனிகோடாகி 160 என்பது 70 ஆகிவிடும். யாரும் வேண்டுமென்றே போடுவதில்லை. ஐபோனில் சின்னக் கோட்டை இரண்டு முறை தட்டினால் தானாகவே நீளக் கோடாகிவிடும். செட்டிங்ஸில் General, Keyboard போய் Smart Punctuation என்பதை அணைத்துவிடுங்கள். தட்டும்போது எண்ணிக்கை காட்டும் செயலியாக இருந்தால், மிச்ச இடம் திடீரென்று குறைவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கோபுரவாசல்
தமிழுக்கு அரைப்புள்ளியே தேவையில்லை என்பேன். நமக்குத்தான் "பழுதானதால்", "வந்ததும்" என்று எச்சங்கள் இருக்கின்றனவே. "மோட்டார் பழுதானதால் தண்ணீர் வராது" என்று எழுதினால் குறியும் வேண்டாம், கோடும் வேண்டாம். முற்றுப்புள்ளியையும் குறுஞ்செய்தியில் தவிர்ப்பது நல்லது. அது கோபமாகத் தெரிகிறது என்று அமெரிக்காவில் ஆய்வே செய்திருக்கிறார்கள்.

மெய்ப்புத்தாள்
எச்சம் பற்றிச் சொன்னது பாதி சரி. கடிதத்தில் அது அழகு. ஆனால் அறிவிப்புச் செய்தியில் திரையில் முதலில் தெரிவது ஒரு வரி அல்லது இரண்டு வரி. "மோட்டார் பழுதானதால்" என்று தொடங்கினால் காரணம் முன்னால் வந்து, "தண்ணீர் வராது" பின்னால் தள்ளப்படுகிறது. படிப்பவருக்கு வேண்டியது தண்ணீர், மோட்டார் அல்ல.

ஆய்வு என்பது நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதில் பார்த்தது ஓர் அழைப்புக்கு வந்த ஒற்றைச் சொல் பதிலை. ஆங்கிலத்தில் புள்ளி வைத்த பதில் மனம் ஒட்டாததாகத் தெரிந்தது. அதே பதிலைக் கையெழுத்துத் துண்டுச்சீட்டில் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை. இதை வைத்து மூன்று வாக்கிய அறிவிப்பில் புள்ளி கூடாது என்று சொல்ல முடியாது. வாக்கியங்களுக்கு நடுவில் வரும் புள்ளி யாரையும் முறைப்பதில்லை.

இனி கேட்ட செய்திக்கு வருகிறேன். தமிழில் வினைமுற்று வந்தவுடனே வாக்கியம் முடிந்ததாகக் காது எடுத்துக்கொள்கிறது. "தண்ணீர் வராது" என்றதும் முடிந்தது. அடுத்ததைப் படித்தால்தான் முதலாவது முழுமையாகும் என்ற நிலை இருந்தால் அங்கே அரைப்புள்ளிக்கு வேலை உண்டு. "பேருந்து ஓடாது; ரயில் ஓடும்" என்பது அப்படி. உங்கள் செய்தியில் நான்கு தகவல்கள் தனித்தனியாக நிற்கின்றன. இரண்டு அரைப்புள்ளி, ஒரு கோடு என்று கோத்ததால் எது எதனோடு சேரும் என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கிறது. கோட்டை மட்டும் மாற்றினால் இந்தச் சிக்கல் தீராது. நான் இப்படித் திருத்துவேன்:

```
நாளை தண்ணீர் வராது. மோட்டார் பழுது. லாரி மாலை 6 முதல் 8 வரை வரும்.
```

66 இடம். "6—8" என்பதை விரித்து எழுதியும் அடங்கிவிட்டது. எண்களுக்கு நடுவில் வரும் கோட்டை "முதல் வரை" என்றும் படிக்கலாம், "இதுவும் அதுவும்" என்றும் படிக்கலாம். குடம் வைக்கச் சொல்ல வேண்டியதில்லை, லாரி வரும் என்றால் அவர்களே வைப்பார்கள்.

நிலா_கே
வாட்ஸாப்பில் கோடு போட்டால் புள்ளிப் பட்டியல் ஆகிவிடுகிறதே, அதைத்தானே கேட்கிறீர்கள்? வரித் தொடக்கத்தில் சின்னக் கோடும் ஓர் இடைவெளியும் விட்டால் அப்படி ஆகும். இடைவெளி விடாமல் எழுதினால் ஆகாது.

தறியோசை
அது வேறு விஷயம்மா, இங்கே கேட்டது எஸ்.எம்.எஸ். ஆனால் நீங்கள் சொன்னதும் உதவும். ஒரே வாசகத்தை இரண்டிலும் ஒட்டுபவர்கள் வரித் தொடக்கத்தில் கோடு வைக்காமல் இருப்பது நல்லது.

கோட்டில் இன்னொரு தொல்லை தொகை எழுதும் இடத்தில். "பாக்கி -500" என்று பார்த்திருக்கிறேன். கட்ட வேண்டியது ஐந்நூறா, கூடுதலாகக் கட்டியது ஐந்நூறா? கழித்தல் குறி மாதிரியே நிற்கிறது. "பாக்கி ரூ.500" என்றால் குழப்பம் இல்லை.

அடுக்ககம்12
66 என்பதை நானும் எண்ணிப் பார்த்தேன், சரியாக வருகிறது. அப்படியென்றால் அரைப்புள்ளி எங்கேயுமே வேண்டாமா?

மெய்ப்புத்தாள்
வேண்டும். உள்ளே காற்புள்ளி இருக்கும் பட்டியலில் அதை விட்டால் வழியில்லை. "ஏ பிளாக் காலை 6, மாலை 5; பி பிளாக் காலை 7, மாலை 6" என்பதைப் பாருங்கள். அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து, அவசரத்தில் இடைவெளியை விட்டுவிட்டால் "மாலை 5.பி பிளாக்" என்று ஒட்டிக்கொள்ளும். நாம் நேரத்தை 5.30 என்று எழுதிப் பழகியவர்கள். ஐந்துக்குப் பின் புள்ளியைக் கண்டதும் கண் நிமிடத்தைத் தேடும். எண்ணில் முடியும் துண்டுகளுக்கு அரைப்புள்ளி, வினையில் முடியும் துண்டுகளுக்கு முற்றுப்புள்ளி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சறுக்காது.

பள்ளிமணி
எங்கள் சங்கடம் வேறு. மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் செய்தி வார்ப்பு பதிந்திருக்கிறோம். பதிந்தபோதே நடுவில் நீளக் கோடு இருந்துவிட்டது. இப்போது அனுப்பும் பக்கத்தில் மட்டும் புள்ளியாக மாற்றினால் போகுமா?

தறியோசை
போகாது சார். பதிந்த வாசகமும் அனுப்பும் வாசகமும் பொருந்த வேண்டும். மாறும் இடம் என்று நீங்கள் குறித்துக் கொடுத்ததைத் தவிர மற்றது வேறாக இருந்தால் தடுத்துவிடுவார்கள். திருத்திய வாசகத்தைப் புது வார்ப்பாகப் பதியுங்கள். ஒப்புதல் வரும்வரை பழையதே ஓடட்டும். பதியும்போது வேர்டில் தட்டி ஒட்டாதீர்கள். அதுவும் இரண்டு சின்னக் கோட்டை நீளக் கோடாக்கிவிடும்.

கோபுரவாசல்
அறிவிப்புக்கு முற்றுப்புள்ளி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தனி ஆளுக்கு அனுப்பும் "சரி." மட்டும் எனக்கு இன்னும் கதவைச் சாத்துகிற மாதிரிதான் தெரிகிறது.

மெய்ப்புத்தாள்
எனக்கு அப்படித் தெரியவில்லை. அனுப்புபவர் எப்போதும் புள்ளி வைப்பவரா என்று பார்ப்பேன். வழக்கமாக வைக்காதவர் திடீரென்று வைத்தால்தான் யோசிப்பேன்.