வெறும் ஏடிமெகா328பி சிப்பில் தானாக ரீசெட் ஆகவில்லை, உதவுங்கள்

பிரெட்போர்டில் வெறும் ஏடிமெகா328பி சிப் வைத்து, யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் வழியாக நிரல் ஏற்றப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் இதுதான் வருகிறது:

```
avrdude: stk500_getsync() attempt 10 of 10: not in sync: resp=0x00
```

அடாப்டரில் கோளாறு இல்லை. அதன் TX, RX இரண்டையும் இணைத்துத் தட்டச்சு செய்தால் எழுத்துகள் அப்படியே திரும்பி வருகின்றன. சிப்புக்கு TX, RX மாற்றித்தான் கொடுத்திருக்கிறேன்.

ரீசெட் பட்டனை அழுத்தி விட்டால் 19ஆம் காலில் உள்ள எல்இடி 3 முறை மினுக்குகிறது, அதாவது பூட்லோடர் உயிரோடு இருக்கிறது. ஏற்றம் தொடங்கும் அதே நொடியில் பட்டனை விட்டால் நிரல் ஏறியும் விடுகிறது! ஆனால் தானாக ஏற்றும்போது எல்இடி மினுக்குவதே இல்லை. ஆக, DTR தரும் துடிப்பு ரீசெட் காலுக்குப் போய்ச் சேரவில்லை.

நேற்று இரவு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடையில் போட்ட கெபாசிட்டரில் 104க்குப் பதில் 101 என்று இருக்கிறது, வெறும் 100 பிகோஃபேரட். 10 கிலோஓம் புல்-அப்புடன் சேர்ந்தால் துடிப்பு 1 மைக்ரோநொடி அளவில் அடங்கிவிடும், சிப்புக்கோ 2.5 மைக்ரோநொடி வேண்டும்.

காரணம் இதுவேதானா? கையில் 1 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிட்டிக் மட்டுமே இருக்கிறது. அதைப் போடலாமா? ப்ளஸ் முனை ரீசெட் பக்கம்தானே வர வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.