ஜாதிக்காய் ஒட்டுக்கன்று காய்ந்து வந்திருக்கிறது, பணம் திரும்பக் கிடைக்குமா?

ஆனைமலைத் தோப்பு: ஆன்லைனில் 6 ஜாதிக்காய் கன்று வாங்கினேன். 4 காய்ந்து வந்திருக்கிறது. கேட்டால், "இலை கொட்டினாலும் துளிர்க்கும், 15 நாள் பொறுங்க" என்கிறார்கள். என்ன செய்வதுங்க? அவசரம்.

கோபி வாத்தியார்: அவசரம் என்று போட்டால் ஆச்சா? பார்சல் எந்தக் கிழமை வந்தது, வழியில் எத்தனை நாள் கிடந்தது, பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா, மண்ணில் வைத்துவிட்டீர்களா? இதையெல்லாம் சொல்லாமல் கேட்பவர்களுக்கு இங்கே எத்தனை முறைதான் பதில் எழுதுவது.

காங்கயம் ராசு: ராத்திரி முழுக்கப் பையோடு தண்ணீரில் முக்கி வையுங்க, எந்திரிச்சுக்கும். எங்க கொய்யாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

உடுமலை பப்பாளி: எனக்கும் இதே கதை. பப்பாளி விதை 50 போட்டு 3 முளைத்தது. போட்டோ அனுப்பினால், "விதை நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள்.

ஆனைமலைத் தோப்பு: நேற்று மதியம் வந்தது, வழியில் 6 நாள். இன்னும் நடவில்லை. கருகின இலை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ இருக்கிறது. அட்டைப்பெட்டி குப்பையில்.

சத்தி நாற்றங்கால்: நான் கன்று கட்டி அனுப்புகிற பக்கத்து ஆள். அந்த ஒரு போட்டோவை என்னிடம் அனுப்பியிருந்தால் நானும் 15 நாள் பொறுக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆறு நாள் இருட்டில் கிடந்தால் நல்ல கன்றும் இலையைக் கொட்டும். இலையை வைத்துச் செத்ததென்று காட்ட முடியாது, தண்டைக் காட்டுங்கள்.

முதலில் பெட்டியைக் குப்பையிலிருந்து எடுங்கள், முகவரிச் சீட்டு அதில்தான் இருக்கும். ஒவ்வொரு கன்றுக்கும் 1 முதல் 6 வரை எண் எழுதி, சீட்டை அருகில் வைத்து, நுனியிலிருந்து பை வரை முழுசாக ஒரு படம். பிறகு ஒட்டுக் கட்டியிருக்கும் இடத்தைக் கிட்டத்தில். பிறகு நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். நுனியில் ஆரம்பித்து ஒட்டு வரைக்கும் இறங்கி வாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக உலர்ந்திருந்தால் போய்விட்டது. ஒட்டுக்குக் கீழேயும் ஒரு சுரண்டல், இரண்டும் ஒரே படத்தில் வரட்டும்.

மேலே பழுப்பு, கீழே பச்சை என்றால் அந்தக் கன்றும் செத்த கணக்குதான். விதையில் வந்த ஜாதிக்காய் ஆணா பெண்ணா என்று பூக்கும் வரை தெரியாது. காய்க்கிற மரத்துக் குச்சி என்பதால்தானே ஒட்டுக்குக் காசு கொடுத்தீர்கள்? அடியிலிருந்து துளிர்ப்பது விதையில் வந்த வேர்ச்செடி.

படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சும்மா போட்டோவாக அனுப்பினால் தெளிவும் குறையும், எடுத்த தேதியும் போய்விடும். புகாரை இன்றே எழுதிவிடுங்கள். பல கடைகளில் கெடு 24 அல்லது 48 மணி நேரம்தான். 15 நாள் காத்திருந்தால் கெடுவும் போய்விடும்.

படம் எடுத்த பிறகு தண்ணீர். ராசு அண்ணன் சொன்னதில் பாதி சரி. காய்ந்த தென்னைநார்க் கழிவு மேலே ஊற்றும் தண்ணீரைக் குடிக்காது, முக்கத்தான் வேண்டும். ஆனால் கால் மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க வைத்தால் ஜாதிக்காய் வேர் மூச்சுமுட்டி அழுகலாம்.

காங்கயம் ராசு: கொய்யா அழுகலையே?

கோபி வாத்தியார்: கொய்யாவும் ஜாதிக்காயும் ஒன்றா? பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குத் தோப்பு ஜாதிக்காய் நிற்கிறது. நேரில் போய்ப் பார்த்து வாங்காமல் தபாலில் வாங்கியதே முதல் தப்பு.

தாராபுரம் செல்வி: எல்லாராலும் போய்ப் பார்க்க முடியுமாங்க? நாலு சக்கர வண்டி வைத்திருப்பவர் பேச்சு இது. தப்பு, ஆறு நாள் வைத்திருந்த கூரியர்காரன் மேல்.

சத்தி நாற்றங்கால்: வழியில் ஞாயிறு விழுகிற மாதிரி கன்றை அனுப்புவது அனுப்புகிறவர் தப்புதான். திங்களன்று அனுப்பினால் வாரக் கடைசிக்குள் போய்ச் சேரும்.

பப்பாளிக்காரரே, விதைக்குப் போட்டோ பேசாது. மீதி விதையில் எண்ணி 20 எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கதகதப்பாக வையுங்கள். வைத்த அன்றும் மூன்று வாரம் கழித்தும், பாக்கெட்டின் சோதனைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள்.

உடுமலை பப்பாளி: பாக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேனே.

தாராபுரம் செல்வி: தோப்புக்காரரே, பதில் வராவிட்டால் 1915-க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவி எண்.

ஆனைமலைத் தோப்பு: (9 நாள் கழித்து) பெட்டி கிடைத்தது, சீட்டில் பாதி கிழிந்திருந்தது. 3 கன்றுக்குப் பணம் வந்துவிட்டது. 4-ஆம் எண் ஒட்டுக்கு மேலே ஒரு விரற்கடை பச்சை இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள்.

சத்தி நாற்றங்கால்: நிழலில் வைத்துப் பாருங்கள். துளிர் ஒட்டுக்கு மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கோபி வாத்தியார்: என்ன ஆச்சு?

கோபி வாத்தியார்: வேலை முடிந்ததும் ஆளைக் காணோம். வழக்கம்தான்.