தூங்கும்போது 84, எழுந்தால் 33: வாட்ச் சார்ஜை ராத்திரியில் யார் குடிக்கிறது?

மொட்டைமாடி

மூணு வாரமா என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இது. நேத்துதான் பிடிபட்டது. அதே தொல்லை உள்ளவங்களுக்கு உதவும்னு முழுசா எழுதுறேன்.

என்கிட்ட இருக்கிறது வேர் ஓஎஸ் வாட்ச், இ-சிம் உள்ளது. ஒண்ணரை வருஷம் ஆச்சு. ராத்திரி 11 மணிக்கு 84 சதவீதம் இருக்கும், காலை 6 மணிக்குப் பார்த்தா 33. அதாவது 7 மணி நேரத்தில் 51 போயிடுது. முன்னாடியெல்லாம் ஒரு ராத்திரிக்கு 10, 12தான் குறையும்.

முதல்ல பேட்டரிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் மேலே இருந்தது தூக்கத்தைக் கணக்கெடுக்கிற ஆப். அதுதான் குற்றவாளின்னு முடிவு பண்ணி நீக்கினேன். மறுநாள் காலை 36. அப்புறம்தான் உறைச்சது: அந்தப் பட்டியல் காட்டுறது யாருக்கு எவ்வளவு பங்குங்கிறதை மட்டும்தான். ராத்திரி முழுக்க ஓடுற ஆப் ஒண்ணுதான் இருந்தா, நல்ல ராத்திரியிலும் அதுதான் முதலிடத்தில் நிற்கும். ஆப்பைத் திரும்பப் போட்டுட்டேன்.

செவ்வந்தி

ஒண்ணரை வருஷம் ஆச்சுன்னா பேட்டரி தேய்ந்திருக்கும் தம்பி. சின்ன பேட்டரி, தினமும் சார்ஜ் ஏத்துறோம். சர்வீஸில் மாத்திடுங்க. எதுக்கு இத்தனை ஆராய்ச்சி?

மொட்டைமாடி

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது அக்கா. அதனால பகலையும் எழுதி வெச்சேன். காலை 6 மணிக்கு 100, சாயங்காலம் 6 மணிக்கு 58. நடை, மெசேஜ், ரெண்டு கால் எல்லாம் சேர்த்து 12 மணி நேரத்தில் 42. ஆகப் பகல்ல மணிக்கு மூணரை, சும்மா படுத்திருக்கிற ராத்திரியில மணிக்கு ஏழு. பேட்டரி தேய்ஞ்சிருந்தா பகல்லயும் அதே வேகத்தில் இறங்கணும் இல்லையா? ராத்திரி மட்டும் ரெண்டு மடங்குன்னா, ராத்திரி மட்டும் நடக்கிற ஏதோ ஒண்ணு இருக்கு.

அதைப் பிடிக்க ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு மாற்றம்னு வெச்சுக்கிட்டேன். நாலஞ்சு செட்டிங்கை ஒண்ணா மாத்தினா சரியாகும், ஆனா எதனாலன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

முதல் ராத்திரி ஏரோப்ளேன் மோட். இதயத்துடிப்பு, ரத்த ஆக்சிஜன், தூக்கக் கணக்கு எல்லாத்தையும் அப்படியே ஓடவிட்டேன். 86ல படுத்தேன், 77ல எழுந்தேன். வெறும் 9. இந்த ஒரு சோதனையிலயே பாதி விடை வந்துடுச்சு. சென்சார் எல்லாம் ஓடியும் 9தான்னா, குடிக்கிறது சென்சார் இல்ல, ரேடியோ.

ரெண்டாவது ராத்திரி ப்ளூடூத், வைஃபை ரெண்டும் ஆன், மொபைல் நெட்வொர்க் மட்டும் ஆஃப். 83லிருந்து 67. மூணாவது ராத்திரி மொபைல் நெட்வொர்க்கைத் திரும்ப ஆன் பண்ணி, போனை மட்டும் தலைமாட்டில் வெச்சேன். 85லிருந்து 74.

அப்போதான் விளங்கிச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடிதான், படுக்கையில போன் பார்க்கிற பழக்கத்தை விடணும்னு அதை ஹால்ல சார்ஜ் போட ஆரம்பிச்சேன். நடுவில ரெண்டு சுவர், ப்ளூடூத் அறுந்துடும். உடனே வாட்ச் வைஃபையைத் தேடும். எங்க வீட்டில அப்பா பத்தரைக்கு ரவுட்டர் சுவிட்சை அணைச்சிடுவார். வைஃபையும் இல்லன்னா கடைசி வழி இ-சிம். எங்க படுக்கையறையில சிக்னல் ஒரு கோடுதான். அந்த ஒரு கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்கப் போராடியிருக்கு. சிக்னல் மங்கலா இருக்க இருக்க, டவரை எட்டறதுக்கு ரேடியோ அதிக சக்தியில வேலை செய்யும்.

ஏரிக்கரை

என் வாட்ச்சும் இப்படித்தான். ஜிபிஎஸ் போட்டு சைக்கிள் ஓட்டினா மூணு மணி நேரத்தில் பாதி காலி. இதுக்கும் ஏரோப்ளேன் மோட் போட்டா சரியாகுமா?

மொட்டைமாடி

உங்களது வேற கதைங்க. ஜிபிஎஸ் ஓடும்போது குறையுறது இயல்பு. இங்க பேச்சு சும்மா இருக்கும்போது குறையுறதைப் பத்தி.

சாலைப்பூ

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஏரோப்ளேன் மோடிலும் 40, 50 குறைகிறவர்களுக்காக அடுத்த படியைச் சொல்கிறேன். அவர்களுக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆப் வாட்ச்சைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும். என் வாட்ச்சில் அது இலவசமாக இறக்கிய ஒரு வாட்ச் முகப்பு.

சாதாரணப் பேட்டரிப் பக்கத்தில் இது தெளிவாகத் தெரியாது. வாட்ச்சில் Developer options திறந்து Wireless debugging ஆன் செய்யுங்கள். கீழே உள்ள adb கட்டளைகளை லேப்டாப்பில் ஓட்ட வேண்டும். லேப்டாப்பும் வாட்ச்சும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கீழே உள்ள எண்களுக்குப் பதில் உங்கள் வாட்ச் திரை காட்டும் எண்களைப் போடுங்கள். ஜோடி சேர்க்க ஒன்று, இணைக்க ஒன்று என இரண்டு போர்ட் எண்கள் வரும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

```
adb pair 192.168.1.7:37119
adb connect 192.168.1.7:41235
adb shell dumpsys batterystats > iravu.txt
adb shell pm list packages -U
```

அந்தக் கோப்பில் All partial wake locks என்ற வரியைத் தேடுங்கள். அதன் கீழே மேலாக நிற்பவர்களில்தான் உங்கள் ஆள் இருப்பார். u0a123 என்று இருந்தால் கடைசிக் கட்டளை தரும் பட்டியலில் uid:10123 எந்த ஆப் என்று பாருங்கள். என் கோப்பில் அந்த முகப்பு ஆறு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தது.

இரண்டு இடத்தில் நான் இடறினேன். காலையில் எழுந்ததும் பழக்கத்தில் முழு சார்ஜ் ஏற்றி எடுத்தேன். அத்தோடு ராத்திரிக் கணக்கு அழிந்துவிட்டது. சார்ஜரில் வைப்பதற்கு முன் கோப்பை எடுத்துவிடுங்கள். அடுத்தது, Wireless debugging-ஐ ராத்திரி முழுக்க ஆனில் விட்டேன். அதுவே வைஃபையை விழிக்க வைத்து சார்ஜைக் குடித்தது. படுக்கும்போது அணைத்துவிட்டு, காலையில் மறுபடி ஆன் செய்யுங்கள்.

செவ்வந்தி

இந்தக் கட்டளையெல்லாம் எனக்கு ஆகாது. ஆனா நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், பகல் ராத்திரி கணக்கு சரிதான். ஒரு கேள்வி. எங்க அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. ராத்திரி கால் வந்தா எனக்குத் தெரியணும். ஏரோப்ளேன் மோட் போட முடியாது. என்ன செய்றது?

மொட்டைமாடி

ஏரோப்ளேன் மோட் சோதனைக்கு மட்டும்தான் அக்கா, தினமும் வேண்டாம். போனை நீங்க படுக்கிற ரூம்லயே, கை எட்டாத மேசை மேல வையுங்க. ப்ளூடூத் அறாம இருந்தா வாட்ச்ல காலும் அதிரும், சார்ஜும் குறையாது. முதல்ல படுத்த இடத்திலிருந்து வாட்ச்சைப் பாருங்க, போன் தொடர்பு அறுந்ததுக்கான குறி தெரியுதான்னு. நானும் இப்போ அப்படித்தான், போன் அலமாரி மேல.

சாலைப்பூ

பட்டை தளர்வாக இருந்தாலும் கவனியுங்கள். துடிப்பு சரியாகக் கிடைக்காதபோது அடியில் உள்ள சென்சார் விளக்கைப் பிரகாசமாக்கும் வாட்ச்கள் உண்டு. ஆனால் அது 50 சதவீதத்தைத் தின்னும் என்று நான் நினைக்கவில்லை.

மொட்டைமாடி

பட்டையை ஒரு துளை இறுக்கிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியல. இன்னொண்ணு இருக்கு. சரியான பிறகு எட்டு ராத்திரியில ஏழு நாள் 10லிருந்து 12 வரைக்கும்தான் குறைஞ்சது. ஒரு நாள் மட்டும் 27. அன்னிக்கும் போன் அலமாரி மேலதான், ப்ளூடூத் அறுந்த குறி இல்ல. சார்ஜ் கோட்டைப் பார்த்தா, மத்த நாள் மாதிரி சீரா சரியல. 2 மணிக்கு மேல ஒரே இறக்கம், அப்புறம் மறுபடி சமம். அந்த நேரத்தில ஆப் அப்டேட் ஏதாவது இறங்கியிருக்குமோ? இன்னிக்கு ராத்திரி படுக்கும் முன்னாடி முழுசா ஏத்திட்டு, காலையில சாலைப்பூ சொன்ன கோப்பை எடுத்துப் போடுறேன்.