புதுப்பிப்பு: மாடித் தொட்டி வழிந்த விவகாரம்

முன்பு நான் கேட்டது: "ராத்திரியில் மட்டும் மாடித் தொட்டி வழிகிறது, கீழே குளியலறையில் தண்ணீர் நிற்கிறது. ஏன்?"

ரோஸ் ஹில்லிலிருந்து இன்றைய நிலவரம். மிதவைப் பந்தை மாற்றச் சொன்ன அண்ணன் பாதி சரி. கழற்றிக் குலுக்கினால் பந்துக்குள் களக் களக்கென்று தண்ணீர். மாற்றியதும் பகலில் சொட்டுகூட இல்லை. ஆனால் விடியற்காலை 3 மணிக்கு மறுபடி வழிந்தது.

பிளம்பர் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தார். அப்போதும் நூலாகத் தண்ணீர். வால்வைப் பிரித்தால் ரப்பர் வாஷரில் மோதிரம் பதிந்த மாதிரி பள்ளம். ராத்திரி குழாய் அழுத்தம் கூடும்போது அது அடைக்கவில்லை. புது வாஷர் போட்டதும் நின்றது.

குளியலறைக் கதை வேறு. வழிவுக் குழாயைக் குளியலறைக் கழிவுக் குழாயோடு யாரோ இணைத்திருந்தார்கள். மேலிருந்து இரண்டு வாளி ஊற்றினேன். கீழே தரைச் சல்லடை வழியாக முடியும் சோப்புமாகப் பொங்கியது. இப்போது அதை வெட்டி முற்றத்துப் பக்கம் திருப்பிவிட்டோம். வழிந்தால் கண்ணில் படட்டும்.

ஃப்ளஷ் தொட்டியைப் பார்க்கச் சொன்ன அக்கா, இது அது இல்லை. உங்கள் வீட்டுச் சங்கதியைத் தனியாகக் கேளுங்கள்.

ஒன்று பாக்கி. வரும் குழாயும் வழிவுக் குழாயும் ஒரே பருமன். வால்வு முழுதாகத் திறந்து நின்றால் வழிவுக் குழாய் தாங்காது என்கிறார் பிளம்பர். வழிவுக் குழாயைப் பெரிதாக்க வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.